170 கோடு: காவலர் தேர்வுக்கு முன் ஒரு பையனின் உயரத்தை மறுபடி அளந்த கதை

அளவீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தத் தம்பி என் வீட்டு வாசலுக்கு வந்தான். வயது 23. பெரியகுளத்துக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் முதல் முறையாகத் தேறி, உடற்கூறு அளவீட்டுக்கு அழைப்பு வந்திருந்தது. ஓட்டத்தில் அவனுக்குப் பயமே கிடையாது. 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்பது விதி, அவன் ஆறு நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிடுவான். அன்றைக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான். அதில் மூன்று எண்கள்: 171, 168.5, 172.

"சார், இதுல எது சார் நான்?"

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பள்ளி மைதானத்துக்கு வரும் பையன்களுக்கு நான் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஓட்டம், கயிறு, நீளம் தாண்டுதல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுப்போம். உயரத்தை மட்டும் அது இருப்பதுதானே என்று விட்டுவிடுவோம். அப்படி விட்டதில் ஒரு பையனை நான் இழந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அவன் இரவு பஸ்ஸில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே போய், இறங்கியதும் நேராக வரிசையில் நின்றான். 169.6 என்று வெளியே வந்துவிட்டான். ஊருக்குத் திரும்பித் தூங்கி எழுந்ததும் அளந்தால் 170.7. அதனால்தான் இந்தத் தம்பியின் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்பது நாளில் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கும் இந்தத் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 சென்டிமீட்டர். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் ஆண்களுக்கு 167. மார்பு சாதாரணமாக 81 இருக்கவேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் விரியவேண்டும். இந்தத் தம்பிக்கு வேண்டியது 170. மார்பு 83, விரிந்தால் 89, அதில் கவலை இல்லை.

மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன

172 சட்டென்று தீர்ந்தது. மருந்துக்கடை வாசலில் காசு போட்டால் எடையும் உயரமும் சீட்டாக வரும் மெஷினில் எடுத்தது அது. "செருப்பைக் கழட்டினியா?" என்று கேட்டேன். கழற்றவில்லை. செருப்பை வாங்கிக் குதிகால் பக்கம் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சரியாக 2 சென்டிமீட்டர். அந்தச் சீட்டை அதோடு ஒதுக்கிவிட்டோம். தேர்வில் வெறுங்காலில்தான் நிறுத்துவார்கள்.

171 அவன் வீட்டுக் கதவு நிலையில் அவன் தம்பி போட்ட பென்சில் கோடு. தலையில் ஒரு நோட்டை வைத்து, நோட்டு நிலையைத் தொடும் இடத்தில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப் பிடித்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் அளக்கிறோம். இதில் எவ்வளவு தப்பு வரும் என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று என் வீட்டுச் சுவரில் அவனை நிறுத்தி, அதேமாதிரி ஒரு நோட்டை வைத்து மூன்று தடவை கோடு போட்டேன். 170.8, 169.6, 171.1. ஒரே ஆள், ஒரே நிமிடம், ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம்.

காரணம் சாதாரணமானது. நின்றால் தலையின் உச்சி சுவரை ஒட்டி இருக்காது, சுவரிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். நோட்டு உச்சியில் உட்கார்ந்து, அதன் மறுமுனை சுவரைத் தொடுகிறது. அந்த முனை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் கோடும் மேலே போய்விடும். ஆறு டிகிரி சாய்வு கண்ணுக்கு ஒரு சாய்வாகவே தெரியாது, ஆனால் 10 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒரு சென்டிமீட்டராகிவிடும். தன்னைவிட உயரமானவனை அண்ணாந்து பார்த்து அளக்கும் தம்பி நோட்டைச் சுவர்ப் பக்கம் தூக்கித்தான் பிடிப்பான். அண்ணன் தேறவேண்டும் என்ற ஆசையும் அந்தக் கையில் இருக்கும்.

168.5 தான் அவனைத் தூங்கவிடாமல் செய்த எண். டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் சாயங்காலம் எடுத்தது. அங்கே அளந்தவர் "ஒன்றரை குறையுதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த நாள் நானும் தம்பியும் ஒரு ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். சுவரில் ஒட்டும் உயர அளவுப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. தரையை ஒட்டி ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓடியதால் பட்டையின் முதல் 10 சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, டைல்ஸுக்கு மேலிருந்து ஒட்டியிருந்தார்கள். டைல்ஸ் சரியாக 10 சென்டிமீட்டர் இருந்திருந்தால் அது நல்ல யோசனைதான். டேப்பை வைத்துப் பார்த்தேன். டைல்ஸும் அதன் மேலே இருந்த சிமெண்ட் பூச்சும் சேர்த்து 10.7. ஆக, அந்தச் சுவரில் நிற்கிற ஒவ்வொரு பையனும் 7 மில்லிமீட்டர் குள்ளமாகத் தெரிந்திருக்கிறான். சொன்னதும் அவர்கள் பதறிப்போய் அன்றைக்கே பட்டையைப் பிய்த்து மாற்றி ஒட்டினார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. தம்பி அன்றைக்கு 1500 மீட்டர் ஓடி முடித்து, வியர்வை காயுமுன்னே அந்தச் சுவரில் நின்றிருக்கிறான்.

168.5 உடன் 0.7 சேர்த்தால் 169.2. அப்படியும் 170க்கு 8 மில்லிமீட்டர் குறைகிறது. அவன் முகம் இன்னும் தெளியவில்லை.

சுவர்

அவனுடைய தாய்மாமா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் திண்ணைச் சுவரைக் காட்டினேன். அவர் குண்டை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சார், இது வெளிப்பக்கம் சாஞ்சிருக்கு. தரையும் தண்ணி ஓடணும்னு வாசலைப் பாத்து வாட்டம் விட்ருக்காங்க. சுவரே சாஞ்சிருந்தா மாப்ள எப்படி நேரா நிப்பான்?"

வீட்டுக்குள்ளே, டைல்ஸ் பட்டை இல்லாத பழைய சுவர் ஒன்று கிடைத்தது. மேலே ஆணி அடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருந்தது. தரையில் ரசமட்டம் வைத்தார், குமிழி நடுவில் நின்றது. ஸ்கர்ட்டிங் இல்லாத சுவர் ஏன் முக்கியம் என்பதையும் அவரேதான் விளக்கினார். டைல்ஸ் பட்டை ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் குதிகால் அதில் முட்டி நின்றுவிடும், முதுகு சுவரைத் தொடுவதற்காகப் பின்னால் சாயும். சாய்ந்த கம்பம் உயரம் குறைவாகத்தானே இருக்கும்.

டேப்பைத் தரையில் ஊன்றும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டீல் டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். பலர் அதைப் பழுது என்று நினைக்கிறார்கள். கொக்கி மாட்டி இழுத்து அளக்கும்போது வெளியேயும், முட்டி வைத்து அளக்கும்போது உள்ளேயும் போய், கொக்கியின் கனத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். தரையில் ஊன்றும்போது கொக்கி முழுதாக உள்ளே அழுந்தியிருக்கவேண்டும், டேப் வளையக்கூடாது. மாமா தன் டேப்பால் ஒரு முறையும் என் டேப்பால் ஒரு முறையும் 170க்குக் குறி வைத்தார். இரண்டு குறியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அந்த இடத்தில் கூர் சீவிய பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் டேப்பைத் தொடவே இல்லை. தலையில் மூலைமட்டத்தை வைத்து, அதன் ஒரு கை சுவரோடு ஒட்டியிருக்க, மறு கை உச்சியில் அழுந்த, அது 170 கோட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர், கீழே எத்தனை என்று மட்டும் இரும்பு ஸ்கேலில் பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேல் இதற்கு உதவாது. அதில் பூஜ்யத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும், இரும்பு ஸ்கேலில் விளிம்பே பூஜ்யம்.

காலை 11 மணிக்கு மூன்று முறை. 169.9, 170.0, 169.9. ஒவ்வொரு முறையும் அவனைச் சுவரைவிட்டு நடக்கச் சொல்லி, திரும்பி வந்து நிற்கவைத்து எடுத்த அளவு. நோட்டு காட்டிய ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் ஒரு மில்லிமீட்டராக அடங்கிவிட்டது. இப்போதுதான் என் கையில் நம்பத்தகுந்த ஒரு அளவு இருக்கிறது என்று தோன்றியது.

தாடை

அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூலைமட்டம் தலையைத் தொடுமுன் தாடையை மேலே தூக்கினான். எல்லாப் பையன்களும் செய்வது இதுதான். நிமிர்ந்தால் உயரம் கூடும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. தாடையைத் தூக்கியபடியே ஒரு அளவு எடுத்தேன். 169.4. ஐந்து மில்லிமீட்டர் போய்விட்டது! தலையைப் பின்னால் சாய்த்தால் உச்சி பின்னே இறங்கிவிடும், முன்மண்டைதான் மேலே வரும், அது உச்சியைவிடத் தாழ்வு.

சரியான நிலைக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. கண்குழியின் கீழ் விளிம்பையும், காதுத் துளைக்கு முன்னே துருத்திக்கொண்டிருக்கும் சிறு குருத்தையும் ஒரு கோடாக இழுத்தால், அந்தக் கோடு தரைக்குச் சமமாக ஓடவேண்டும். உடல் அளவு எடுப்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் நிலை இது. கண்ணாடி இல்லாமல் அவனே அதை எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்ச் சுவரில் அவன் கண் உயரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், என் மனைவியிடம் வாங்கியது. அதை நேராகப் பார்த்தால் தலை தானாக நிலைக்கு வந்துவிடும். மைதானத்தில் பொட்டு இருக்காது, எதிரே தன் கண் உயரத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் என்று பழக்கினேன்.

மற்றதெல்லாம் சுருக்கம்தான். குதிகால்கள் சேர்ந்து, குதிகால், பின்பக்கம், மேல்முதுகு மூன்றும் பலகையைத் தொடவேண்டும். தோள் தளர்ந்திருக்கவேண்டும். மூலைமட்டம் இறங்கும்போது மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தினால் நெஞ்சோடு முதுகும் நிமிரும். குதிகாலைத் தூக்குவது உதவாது. அளப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

தலைமுடிக்குள் எதையாவது வைத்துக்கொண்டு போகலாமா என்று கூட்டாளி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கோபப்பட்டேன். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் மகபூப்நகரில் நடந்த காவலர் தேர்வில் ஒரு பெண் முடிக்குள் எம்சீல் மெழுகை வைத்துக்கொண்டு போய், மெஷின் உயரத்தைப் பதியாததால் சந்தேகப்பட்டுச் சோதித்ததில் பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். கொஞ்சம் உயரத்துக்காக ஒரு பிள்ளையின் பெயரே போய்விட்டது.

ஒரே நாளில் ஆறு உயரம்

11 மணி அளவு 169.9. சாயங்காலம் ஓடிய பின் 169.2. இரண்டுமே சரியான அளவுகள்தான் என்று நான் சொன்னபோது அவனும் மாமாவும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

முதுகெலும்பில் ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறது. மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் கால் பங்குக்கு அருகில் இந்த டிஸ்க்குகள்தான். அவற்றின் நடுப்பகுதியில் பெரும்பாலும் தண்ணீர். நிற்கும்போதும் உட்காரும்போதும் நடக்கும்போதும் மேலே உள்ள பாரம் அழுத்தி அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. படுத்தால் பாரம் இறங்குகிறது, டிஸ்க் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் எல்லா மனிதருமே காலையில் உயரம், சாயங்காலம் சற்றுக் குள்ளம். வித்தியாசம் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை போகும். அதிலும் பாதி அளவு, படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும்.

பொதுவாகச் சொன்னால் போதாது, அவன் உடம்பில் எவ்வளவு என்று தெரியவேண்டும். அன்றிரவு அவனை என் வீட்டிலேயே படுக்கவைத்தேன். காலை ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்த காலோடு சுவருக்குக் கூட்டிப்போனேன். மூலைமட்டம் கோட்டுக்கு மேலே நின்றது. ஸ்கேலில் ஒரு முழு சென்டிமீட்டர். 171.0.

அவன் திரும்பிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "நேத்து நான்தானா சார் இது?"

ஆறு மணிக்கு 170.4. எட்டரைக்கு 170.1. மதியம் ஒரு மணிக்கு 169.8. மாலை ஆறுக்கு 169.6. அதன் பிறகு 1500 மீட்டர் ஓடிவிட்டு வரச்சொல்லி எடுத்தால் 169.2. பயிற்சி மையத்துச் சுவரைத் திருத்திக் கணக்குப் போட்டபோது வந்த அதே எண். அந்தச் சுவர் 7 மில்லிமீட்டரைத் தின்றது, மீதியை ஓட்டமும் பகலும் தின்றன. அடுத்த இரண்டு நாளும் இதே நேரங்களில் அளந்தோம், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை.

அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துப் பார்த்தபோது நிலைமை தெளிவானது. எழுந்ததிலிருந்து காலை பத்து மணி வரை அவன் 170க்கு மேலே இருக்கிறான். அதன் பிறகு கோட்டுக்குக் கீழே போய்விடுகிறான். எட்டரை மணிக்கே மிச்சம் ஒரே ஒரு மில்லிமீட்டர். 169.9ஐ யாராவது 170 என்று எழுதிக்கொள்வார்கள் என்று நம்பிப் போகக்கூடாது. ஒரு மில்லிமீட்டரை நம்பியும் போகக்கூடாது.

எனவே இழந்ததைத் திரும்பப் பெறமுடியுமா என்று பார்த்தோம். ஒரு நாள் மதியம் 169.8 இருக்கும்போது பாயில் மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்கும்படி கால்களை நாற்காலிமேல் தூக்கிவைக்கச் சொன்னேன். இப்படிப் படுத்தால் இடுப்புக்கு மேலே முதுகு முழுக்கப் பாரமில்லாமல் தரையில் பதிந்துவிடும். இருபது நிமிடம் கழித்து எழுப்பி உடனே அளந்தேன். 170.2. மறுநாளும் அதே பலன்: நான்கு மில்லிமீட்டர். ஆனால் எழுந்து அரைமணி நேரம் நடமாடவிட்டால் அதில் பாதி போய்விடுகிறது. எனவே இது அளவீட்டுக்குச் சற்று முன்னால் செய்தால்தான் பலன்.

இதற்கு ஒரு எல்லை உண்டு, அதைப் பையன்களிடம் மறைக்கக்கூடாது. இதெல்லாம் உயரத்தை வளர்ப்பதில்லை. இருபது வயதைத் தாண்டிய பையனுக்குக் கால் எலும்பின் வளரும் முனைகள் மூடியிருக்கும், அதன் பிறகு எந்தப் பவுடரும் மாத்திரையும் அதை நீட்டாது. அவன் அம்மா கேழ்வரகு விற்ற காசில் உயரம் வளரும் பவுடர் ஒரு டப்பா வாங்கிக்கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கமுடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இதே வாரம் இன்னொரு பையனையும் இதே சுவரில் நிறுத்தினேன். எழுந்தவுடனே 168.9. அவனுக்கு எந்த வழியும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலருக்குப் பொதுப்பிரிவிலேயே 165 போதும், அந்த அறிவிப்பு வரும்போது விடாதே என்றேன். கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு உயரமே கேட்பதில்லை என்றும் சொன்னேன். தலையாட்டினான். அடுத்த நாளும் மைதானத்துக்கு வந்தான்.

அந்தக் காலை

அளவீடு மதுரையில். அழைப்பில் காலை ஆறு மணி என்று இருந்தது. பெரியகுளத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகவேண்டும். அதை வேண்டாமென்றேன். முதல் நாள் மதியமே போய், மைதானத்துக்கு மூன்று கிலோமீட்டரில் இருந்த மாமாவின் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் படுக்கச் சொன்னேன். காலையில் உடம்பைச் சூடாக்க ஓடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நிறையப் பையன்கள் அன்றைக்கு 1500 மீட்டர் இருக்கிறதே என்று வாசலிலேயே ஓடி, குதித்து உடம்பைச் சூடாக்குவார்கள். உயரம் அளந்த பிறகுதான் ஓட்டம் என்பதால், எல்லையில் நிற்கும் பையன் அந்தச் சூட்டை அளவீட்டுக்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சான்றிதழ்ப் பையை மாமா சுமந்தார். தோளில் பாரம் வேண்டாம் என்று அவரே வாங்கிக்கொண்டார்.

நான் போகவில்லை. பின்வருவது தம்பியும் மாமாவும் வந்து சொன்னது.

நாலரைக்கு எழுந்தான். ஆறு மணிக்கு வரிசை. சான்றிதழ் சரிபார்ப்பு முடிய எட்டேகால் ஆனது. அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடும்வரை ஒரு ஓரமாகக் காத்திருக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் துண்டை விரித்து மல்லாந்து படுத்து, சுவரோரத் திட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன் "என்னாச்சுப்பா, மயக்கமா?" என்று கேட்டானாம். இருபது நிமிடம் ஆனதும் பெயர் கூப்பிட்டார்கள். நேரம் எட்டே முக்கால்.

பலகையில் ஏறி நின்றான். முன்னால் நின்ற பையன் 169.2 என்று வாசிக்கப்பட்டு அழுதுகொண்டே இறங்கியதை அப்போதுதான் பார்த்திருக்கிறான். கால் நடுங்கியது. நாங்கள் பழகியதெல்லாம் மறந்து தாடை மேலே போய்விட்டது. தலைப்பலகை இறங்கியது. அளந்த காவலர் "169.7" என்றார்.

அந்த நொடியை அவன் என்னிடம் மூன்று தடவை சொன்னான். தன் தாடை எங்கே இருக்கிறது என்று அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் தெரிந்ததாம். இறங்கவில்லை. "ஐயா, தலையைத் தூக்கிட்டேங்கய்யா. இன்னொரு தரம் பாக்க முடியுங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் மேற்பார்வைக்கு நின்ற அதிகாரி அருகே வந்தார். "நேரா பாரு" என்றார். எதிரே பந்தல் காலில் ஒரு துணி முடிச்சு அவன் கண் உயரத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்து நிறுத்தினான். அதிகாரி குனிந்து அவன் குதிகாலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அளவை வாசித்தார்.

"170.3. போ."

மார்பு 83, 89. அதன் பிறகு ஓட்டம், 5 நிமிடம் 52 விநாடி.

இதில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது அந்த 169.7 பற்றித்தான். ஒன்பது நாள் சுவர், தூக்குக்குண்டு, படுக்கை என்று எல்லாம் சரிசெய்த பிறகும் பயம் ஒரே நொடியில் ஆறு மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவரில் அவன் நிம்மதியாக நின்று பழகினான். அடுத்து வரும் பையன்களை நாலு பேர் பார்க்க, பின்னால் வரிசை நிற்க, யாராவது அதட்டிக்கொண்டிருக்க அளக்கவேண்டும் என்று வைத்திருக்கிறேன். கேட்டதும் அவர்கள் மறுபடி அளந்தார்கள் என்பதையும் பையன்களிடம் சொல்லிவருகிறேன். அதை அந்த இடத்திலேயே, பலகையைவிட்டு இறங்குமுன் கேட்டதால்தான் நடந்தது. வெளியே வந்தபின் கேட்டிருந்தால் அவனிடம் பேச எந்த அளவும் மிஞ்சியிருக்காது.

அன்று சாயங்காலம் மாமாவோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். சட்டையில் ஓட்டத்துப் புழுதி. என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் போய் நின்றான். மாமா மூலைமட்டத்தை வைத்தார். ஸ்கேலை நான் பிடித்தேன்.

169.3. பழைய பென்சிலாலேயே 170 கோட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதினேன்: மாலை 6.40.